மோல் கணக்குல ஆன்சர் ஒத்து வரலையா? எத்தனை மடங்கு தப்புன்னு பாத்தா எங்க தப்புன்னு தெரிஞ்சிடும்

பழைய கெமிஸ்ட்ரி கேள்வித்தாள் எடுத்து வச்சு மோல் கணக்கு போடும்போது எல்லாருக்கும் வர்ற பிரச்னை ஒண்ணு தான், நம்ம ஆன்சர் ஒண்ணு சொல்லும், பின்னாடி இருக்கற ஆன்சர் கீ வேற ஒண்ணு சொல்லும். அப்ப நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா முழு கணக்கையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடறாங்க, திரும்ப அதே தப்பை அதே இடத்துல பண்ணி அதே ஆன்சருக்கு வந்து நிக்கறாங்க. அதுக்கு பதிலா ஒரே ஒரு வேலை பண்ணுங்க, உங்க ஆன்சரை கீல இருக்கற ஆன்சரால வகுத்துப் பாருங்க. வர்ற நம்பர் 2-ஆ, 0.25-ஆ, 1.25-ஆ, 1000-மான்னு பாத்தாலே எந்த படியில சறுக்கிச்சுன்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும். ஏன்னா இந்த கணக்குகள்ல முக்கால்வாசி வெறும் பெருக்கல் வகுத்தல் தான், ஒரு படியில பண்ண தப்பு கடைசி வரைக்கும் அதே மடங்காவே கூட வரும்.

ஆனா இதுக்கு உங்க கணக்கு ஒழுங்கா எழுதியிருக்கணும். ஒரே வரியில எல்லாத்தையும் திணிச்சு கால்குலேட்டர்ல தட்டியிருந்தீங்கன்னா எந்த மடங்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. அதனால முதல்ல எழுதற முறையை சொல்லிடறேன், அப்புறம் ஒவ்வொரு அறிகுறியா பாக்கலாம்.

முதல்ல எப்படி எழுதணும்

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்குவோம், கீழ வர்ற பாதி அறிகுறிகளுக்கு இதையே வச்சுக்கலாம். பழைய தாள்கள்ல அடிக்கடி வர்ற மாதிரி கணக்கு தான்: 80 சதவீதம் Fe2O3 இருக்கற இரும்புத்தாது 200 கிராம், அதை கார்பன் மோனாக்சைடு வச்சு முழுசா ஒடுக்கினா எத்தனை கிராம் இரும்பு கிடைக்கும், அதுக்கு N.T.P.-ல எத்தனை லிட்டர் CO வேணும்? அணு எடை Fe 56, O 16, C 12.

நம்பர் எதையும் தொடறதுக்கு முன்னாடி ஈக்வேஷனை பேலன்ஸ் பண்ணி எழுதுங்க, அதுக்கு கீழ மோல் விகிதம், அதுக்கும் கீழ அந்த விகிதத்தோட கிராம் கணக்கு.

```
Fe2O3 + 3CO → 2Fe + 3CO2
  1      3      2     3     (மோல்)
 160     84    112   132    (கிராம்)
```

மூணாவது வரியில இடது பக்கம் 160-உம் 84-உம் கூட்டினா 244, வலது பக்கம் 112-உம் 132-உம் கூட்டினா அதே 244. இந்த கூட்டல் சரியா வந்துச்சுன்னா ஈக்வேஷன் பேலன்ஸ் ஆகியிருக்கு, மோலார் மாஸும் சரியா போட்டிருக்கீங்கன்னு ரெண்டும் ஒரே நேரத்துல உறுதியாகிடும். பத்து செகண்ட் வேலை, இதை மட்டும் எந்த கணக்குலயும் விடாதீங்க.

இப்ப கணக்குக்குள்ள போவோம். 200 கிராம்ல 80 சதவீதம்னா 160 கிராம் Fe2O3, அது சரியா 1 மோல். விகிதப்படி 1 மோலுக்கு 2 மோல் இரும்பு, 2 பெருக்கல் 56, 112 கிராம். CO 3 மோல் வேணும், 3 பெருக்கல் 22.4, 67.2 லிட்டர். கவனிச்சீங்கன்னா கிராமை மோலாக்கினோம், மோல்லேர்ந்து மோலுக்கு விகிதம் வச்சு தாண்டினோம், திரும்ப கிராமாவோ லிட்டராவோ மாத்தினோம். மூணே படி தான், தாண்டறது மட்டும் எப்பவும் மோல்ல தான் நடக்கணும்.

சரி, இப்ப இதே கணக்குல உங்களுக்கு 112 வராம வேற ஏதோ வந்துச்சுன்னு வைங்க.

அறிகுறி: வகுத்தா 2 இல்ல 0.5 வருது

56 கிராம்னு வந்திருந்தா 56-ஐ 112-ஆல வகுத்தா 0.5. ஈக்வேஷனை பேலன்ஸ் பண்ணாம Fe2O3 + CO → Fe + CO2-ன்னு எழுதி 1-க்கு 1-னு எடுத்திருப்பீங்க. அந்த மூணாவது வரி கூட்டலை போட்டிருந்தா அங்கயே மாட்டியிருக்கும், இடது பக்கம் 188, வலது பக்கம் 100, ஒத்தே வராது.

பேலன்ஸ் சரியா இருந்தும் 2 மடங்கு வித்தியாசம் வந்தா அடுத்து வாயுக்களைப் பாருங்க. O2, H2, N2, Cl2 இதெல்லாம் ரெண்டு ரெண்டு அணுவா இருக்கும், ஆக்சிஜன் வாயுன்னா 32 போடணும், 16 போட்டா மோல் ரெண்டு மடங்கா காட்டும். பழைய தாள்கள்ல இதுக்கு இன்னொரு பொறியும் இருக்கு, "1 கிராம்-அணு ஆக்சிஜன்"னு ஒரு கேள்வியில இருக்கும், "1 கிராம்-மூலக்கூறு ஆக்சிஜன்"னு அடுத்த கேள்வியில இருக்கும். முதல்ல சொன்னது 16 கிராம், ரெண்டாவது 32 கிராம். இப்ப வர்ற புத்தகங்கள்ல எல்லாத்துக்கும் மோல்னே போட்டு "ஆக்சிஜன் அணு 1 மோல்", "ஆக்சிஜன் மூலக்கூறு 1 மோல்"னு பிரிச்சு சொல்றதால பழைய வார்த்தையைப் பாத்ததும் பலருக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தோணிடுது, அங்க தான் ஆன்சர் பாதியாவோ ரெட்டிப்பாவோ போயிடுது.

அறிகுறி: வகுத்தா 4, 0.25, 9, 2.25 மாதிரி ஒரு வர்க்க எண் வருது

இது எனக்கு ரொம்ப பிடிச்ச அறிகுறி, ஏன்னா இது பொய்யே சொல்லாது. 28 கிராம்னு வந்திருந்தா வகுத்தா 0.25, அதாவது பாதியோட வர்க்கம். விகிதத்தை தலைகீழா போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். 2-ஆல பெருக்க வேண்டிய இடத்துல 2-ஆல வகுத்தா தப்பு ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு ஆகிடும், ஏன்னா பெருக்க வேண்டியதும் போச்சு, மேல வகுத்ததும் சேந்துச்சு. விகிதம் 3-க்கு 2-னு இருக்கற கணக்குல தலைகீழா போட்டா 9-க்கு 4, அதாவது 2.25 மடங்கு தப்பும், இல்லன்னா அதோட தலைகீழ் 0.44. விகிதம் 1-க்கு 3-ன்னா 9 மடங்கு.

இதை தடுக்கறதுக்கு ஒரே வழி, விகிதத்தை பின்னமா எழுதும்போது கேட்டது மேல, கொடுத்தது கீழ. இரும்பு கேட்டிருக்கான், Fe2O3 கொடுத்திருக்கான், அப்ப 2/1. கொடுத்த மோலை இதால பெருக்கணும், வகுத்தல்ங்கற பேச்சே வேண்டாம். பக்கத்துல பொருளோட பேரையும் சேத்து எழுதுங்க, வெறும் 2/1-னு எழுதினா ரெண்டு நிமிஷம் கழிச்சு எது எதுன்னு உங்களுக்கே மறந்திடும்.

அறிகுறி: வகுத்தா வர்றது ரெண்டு மோலார் மாஸோட விகிதம்

320 கிராம்னு வந்தா என்ன பண்ணியிருக்கீங்க? 160 கிராம் Fe2O3, விகிதம் 1-க்கு 2, அதனால 320 கிராம் இரும்புன்னு போட்டிருக்கீங்க. விகிதத்தை மோலுக்கு பதிலா கிராம் மேல போட்டாச்சு. 320-ஐ 112-ஆல வகுத்தா 2.857, அது 160-ஐ 56-ஆல வகுத்தா வர்ற அதே நம்பர். உங்களுக்கு வர்ற மடங்கு புரியாத தசமமா இருந்துச்சுன்னா உடனே கணக்குல இருக்கற ரெண்டு பொருளோட மோலார் மாஸை ஒண்ணால ஒண்ணை வகுத்துப் பாருங்க, ஒத்துப்போச்சுன்னா இதே தப்பு தான்.

இந்த இடத்துல கீ இல்லாமலே மாட்டிக்கவும் ஒரு வழி இருக்கு. 200 கிராம் தாதுலேர்ந்து 320 கிராம் இரும்பு எப்படி வரும்? CO-லேர்ந்து இரும்பு வராது, இருக்கற இரும்பெல்லாம் தாதுக்குள்ள தான் இருக்கு. ஆன்சர் வந்ததும் இந்த ஒரு கேள்வியை கேட்டுப் பழகினா பரீட்சையில கீ கையில இல்லாதப்பவும் பாதி தப்பு தானா வெளிய வந்திடும்.

அறிகுறி: 1.25, 1.5625 மாதிரி வருது, சதவீதம் உள்ள கணக்கு

140 கிராம்னு வந்தா மடங்கு 1.25, அது 1-ஐ 0.8-ஆல வகுத்தது. தூய்மை 80 சதவீதம்ங்கறதையே மறந்துட்டு முழு 200 கிராமையும் Fe2O3-ன்னு எடுத்திருக்கீங்க. 175 கிராம்னு வந்தா மடங்கு 1.5625, அது 1-ஐ 0.64-ஆல வகுத்தது, 0.64-ங்கறது 0.8-ஓட வர்க்கம். இங்கயும் அதே வர்க்கக் கதை தான், 0.8-ஆல பெருக்க வேண்டிய இடத்துல வகுத்திருக்கீங்க.

எப்ப பெருக்கணும் எப்ப வகுக்கணும்ங்கற குழப்பம் தூய்மையிலயும் வரும், ஈல்டுலயும் வரும். மனப்பாடம் பண்ணாதீங்க, எந்தப் பக்கம் நடக்கறீங்கன்னு பாருங்க. தாதுலேர்ந்து இரும்பை நோக்கி, அதாவது அம்புக்குறி போற பக்கமே போனா ஒவ்வொரு படியிலயும் பொருள் குறைஞ்சிட்டே போகும், அதனால பெருக்கல். இரும்புலேர்ந்து தாதுவை நோக்கி திரும்பி வந்தா எல்லாம் கூடிட்டே போகும், அதனால வகுத்தல். உதாரணத்துக்கு கேள்வியை திருப்பிப் போடுவோம், ஈல்டு 75 சதவீதம், 84 கிராம் இரும்பு வேணும், 80 சதவீத தாது எவ்வளவு எடுக்கணும்? 84-ஐ 0.75-ஆல வகுத்தா 112 கிராம், அது 2 மோல், விகிதப்படி 1 மோல் Fe2O3, 160 கிராம், அதை 0.8-ஆல வகுத்தா 200 கிராம் தாது. விகிதம் நடுவுல இருக்கு, சதவீதம் ரெண்டும் ரெண்டு ஓரத்துல இருக்கு. சதவீதத்தை விகிதத்தோட கலந்து ஒரே பின்னமா எழுதாதீங்க, அப்படி எழுதினவங்க தான் அதிகமா குழம்பறாங்க.

அறிகுறி: ரெண்டு பொருளோட அளவும் கொடுத்திருக்கான், உங்க ஆன்சர் கீயை விட பெருசா வருது

இது லிமிட்டிங் ரீஏஜெண்ட் கணக்கு. கேள்வியில "அதிகப்படியான CO"-னு போடாம ரெண்டோட அளவையும் கொடுத்திருந்தா எது முதல்ல தீரும்னு பாக்காம கணக்கை ஆரம்பிக்கவே கூடாது. நம்ம கணக்கையே எடுத்து 160 கிராம் Fe2O3-யோட CO 56 கிராம் மட்டும் இருக்குன்னு வைங்க. CO மோலார் மாஸ் 28, அப்ப 2 மோல்.

இங்க தான் பலபேர் மோல் எண்ணிக்கையை நேரடியா ஒப்பிடறாங்க, Fe2O3 1 மோல், CO 2 மோல், கம்மியா இருக்கறது Fe2O3, அதனால அது தான் முதல்ல தீரும்னு. தப்பு. மோலை அந்தந்த பொருளுக்கு முன்னாடி நிக்கற கோஎஃபிஷியண்டால வகுத்துட்டு அப்புறம் தான் ஒப்பிடணும். Fe2O3-க்கு 1-ஐ 1-ஆல வகுத்தா 1, CO-க்கு 2-ஐ 3-ஆல வகுத்தா 0.667. சின்னது CO, அது தான் முதல்ல தீரும். இந்த 0.667-ஐ தூக்கிப் போட்டுடாதீங்க, இது தான் இனிமே எல்லாத்துக்கும் பெருக்கு எண். இரும்பு 2 பெருக்கல் 0.667, 1.333 மோல், 74.67 கிராம். மிச்சம் இருக்கற Fe2O3 1-லேர்ந்து 0.667 போக 0.333 மோல், 53.33 கிராம். தப்பா Fe2O3 தான் தீரும்னு போட்டிருந்தா 112 வந்திருக்கும், 112-ஐ 74.67-ஆல வகுத்தா 1.5, அதாவது ரெண்டு வகுத்தல் ரிசல்ட்டோட விகிதம், 1-ஐ 0.667-ஆல வகுத்தது. தப்பான பொருளை தேர்ந்தெடுத்தா ஆன்சர் எப்பவும் பெருசா தான் வரும், சின்னதா வரவே வராது, அதனால உங்க ஆன்சர் கீயை விட சின்னதா இருந்தா பிரச்னை இங்க இல்ல, வேற எங்கயோ தேடுங்க.

கிராம் கம்மியா இருக்கறது தான் முதல்ல தீரும்னு நினைக்கறவங்களும் உண்டு. அதுக்கு அம்மோனியா கணக்கு நல்ல சோதனை. N2 + 3H2 → 2NH3, நைட்ரஜன் 28 கிராம், ஹைட்ரஜன் 8 கிராம். கிராம்ல பாத்தா ஹைட்ரஜன் கொஞ்சம் தான், ஆனா மோல்ல அது 4, 3-ஆல வகுத்தா 1.33. நைட்ரஜன் 1 மோல், 1-ஆல வகுத்தா 1. தீர்றது நைட்ரஜன் தான், அம்மோனியா 2 மோல், 34 கிராம். ஹைட்ரஜன் தான் தீரும்னு போட்டவங்களுக்கு 45.33 கிராம் வரும், ஆனா உள்ள போட்டதே மொத்தம் 36 கிராம் தான், 45 எங்கேர்ந்து வரும்? சரியான ஆன்சர்ல பாருங்க, அம்மோனியா 34, மிச்ச ஹைட்ரஜன் 1 மோல் 2 கிராம், மொத்தம் 36, கச்சிதமா அடையுது. லிமிட்டிங் கணக்குல கேள்வி கேக்கலைன்னாலும் மிச்சத்தையும் கண்டுபிடிச்சு இப்படி கூட்டிப் பாத்துடுங்க, இதை விட நம்பகமான செக் வேற இல்ல.

அறிகுறி: ஒரு சதவீதமோ ஏழு சதவீதமோ தான் வித்தியாசம், வாயு கணக்கு

CO எத்தனை லிட்டர்னு கேட்டதுக்கு கீ 67.2-ங்குது, உங்களுக்கு 68.1 வருதுன்னா மடங்கு 1.013. கணக்குல தப்பே இல்ல, நீங்க 22.7 லிட்டர் போட்டிருக்கீங்க, அவ்வளவு தான். பழைய தாள்கள்ல N.T.P. இல்ல S.T.P.-ன்னா 273 கெல்வின், 1 அட்மாஸ்பியர், அப்ப 1 மோல் வாயு 22.4 லிட்டர். 1982-ல IUPAC S.T.P.-யோட அழுத்தத்தை 1 அட்மாஸ்பியர்லேர்ந்து 1 பாருக்கு மாத்திடுச்சு, அதனால இப்ப உள்ள வரையறைப்படி 22.7 லிட்டர். ஆனா மாறினதுக்கு அப்புறமும் நிறைய தாள்கள் 22.4-ஐயே வச்சிட்டிருந்துச்சு, அதனால வருஷத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. கேள்வியில 1 அட்மாஸ்பியர்னு இருந்தா 22.4, 1 பார்னு இருந்தா 22.7, தாளோட மேல ஒரு மதிப்பு கொடுத்திருந்தா கேள்வியே இல்லாம அது தான். அறை வெப்பநிலைன்னு இருந்து 24 லிட்டர் கொடுத்திருந்தா ஆன்சர் 72 லிட்டர் ஆகும், அது 1.07 மடங்கு.

அதே மாதிரி 1000 மடங்கு வித்தியாசம் வந்தா யூனிட் தான், பழைய தாள்ல இருக்கற c.c.-யும் இப்ப போடற மில்லியும் ஒண்ணு தான், 22.4 லிட்டர்னா 22400 c.c.

22.4-ல இன்னும் ஒரு பொறி இருக்கு. "N.T.P.-ல 18 கிராம் தண்ணியோட கன அளவு என்ன"ன்னு கேட்டா 1 மோல் தானேன்னு 22.4 லிட்டர்னு எழுதிடக்கூடாது. 22.4 வாயுவுக்கு மட்டும் தான், தண்ணி அந்த நிலையில வாயு இல்ல, அடர்த்தி 1-னு வச்சு 18 மில்லி தான். ஈக்வேஷன் எழுதும்போதே ஒவ்வொரு பொருளுக்கும் கீழ வாயுவா திரவமா திண்மமான்னு ஒரு எழுத்து போட்டுடுங்க, அப்புறம் இந்த தப்பு வராது.

அறிகுறி: டைட்ரேஷன் கணக்குல 5 மடங்கு, 2 மடங்கு, 6 மடங்குன்னு வருது

பழைய தாள்னாலே நார்மாலிட்டி இருக்கும். இப்ப படிக்கறவங்க பலருக்கு மோலாரிட்டி தான் பழக்கம், அதனால 0.1 N-னு இருக்கறதை 0.1 M-னே எடுத்துடறாங்க. ஒரு கணக்கை முழுசா பாத்துடுவோம்: ஆக்சாலிக் அமிலப் படிகங்களை கரைச்ச கரைசல் 25 மில்லி, அமில ஊடகத்துல அதுக்கு 0.1 N KMnO4 20 மில்லி செலவாச்சு, ஒரு லிட்டர்ல எத்தனை கிராம் படிகம் இருக்கு?

நான் சொல்றது என்னன்னா நார்மாலிட்டியை பாத்ததும் முதல் வேலையா மோலாரிட்டியா மாத்திடுங்க, அப்புறம் நம்ம வழக்கமான விகித முறை. அமில ஊடகத்துல ஒரு KMnO4 5 எலக்ட்ரான் வாங்கும், மாங்கனீஸ் +7-லேர்ந்து +2-க்கு இறங்குது, அதனால 0.1-ஐ 5-ஆல வகுத்தா 0.02 M.

```
2KMnO4 + 5H2C2O4 + 3H2SO4
  → K2SO4 + 2MnSO4 + 10CO2 + 8H2O
```

KMnO4 மோல் 0.02 பெருக்கல் 0.020, அதாவது 0.0004. கேட்டது மேல கொடுத்தது கீழ, 5/2. ஆக்சாலிக் அமிலம் 0.001 மோல், அது 25 மில்லியில இருக்கு, லிட்டருக்கு 0.04 மோல். படிகம்னு சொன்னதால H2C2O4·2H2O, மோலார் மாஸ் 126, ஆன்சர் 5.04 கிராம். நார்மாலிட்டி வழியில போட்டாலும் இதே தான், 20 பெருக்கல் 0.1-ஐ 25-ஆல வகுத்தா 0.08 N, சமான எடை 63, 5.04 கிராம்.

இப்ப மடங்கைப் பாருங்க. 0.1 N-ஐ 0.1 M-னு எடுத்தா 25.2 வரும், 5 மடங்கு. படிகத்துல இருக்கற தண்ணியை மறந்து 90 போட்டா 3.6 வரும், 0.714 மடங்கு, அது 90-ஐ 126-ஆல வகுத்தது. 2-க்கு 5-ஐ தலைகீழா போட்டா 0.16 மடங்கு, 0.4-ஓட வர்க்கம். ஒவ்வொரு தப்பும் தனித்தனி நம்பரா வந்து நிக்குது பாருங்க.

நார்மாலிட்டி முறை வேகமா முடியும்ங்கறது உண்மை தான், அதை நான் மறுக்கல. ஆனா அந்த 5 KMnO4-க்கு நிரந்தரமா ஒட்டியிருக்கற நம்பர் இல்ல. நடுநிலை ஊடகத்துல அது MnO2 வரைக்கும் தான் இறங்கும், அங்க 3. ஈக்வேஷனை எழுதியிருந்தா இது கண்ணு முன்னாடியே தெரியும், எழுதாம நம்பரை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா எந்த ஊடகம்னு பாக்காமலே 5 போட்டுட்டு 1.67 மடங்கு வித்தியாசத்தை வச்சுகிட்டு முழிக்க வேண்டி வரும்.

அறிகுறி: வகுத்தா வர்ற நம்பருக்கு எந்த அர்த்தமும் இல்ல

அப்ப கணக்குல எங்கயோ கழித்தல் இருக்குன்னு அர்த்தம். மடங்கு பாக்கற முறை பெருக்கல் தப்புக்கு தான் வேலை செய்யும், கழித்தல் வந்தா அது உடைஞ்சிடும். பேக் டைட்ரேஷன் தான் இதுக்கு முதல் சந்தேக நபர்.

சுத்தமில்லாத சுண்ணாம்புக்கல் 1 கிராம், 0.5 M HCl 50 மில்லியில போட்டு வினை முடிஞ்சதும் மிச்சம் இருந்த அமிலத்துக்கு 0.5 M NaOH 14 மில்லி செலவாச்சு, CaCO3 எத்தனை சதவீதம்? இங்க ரெண்டு ஈக்வேஷன் இருக்கு, ரெண்டையும் தனித்தனியா எழுதணும், கூட்டி ஒண்ணாக்கக்கூடாது.

```
CaCO3 + 2HCl → CaCl2 + H2O + CO2
NaOH + HCl → NaCl + H2O
```

போட்ட HCl மொத்தம் 25 மில்லிமோல். NaOH 7 மில்லிமோல், ரெண்டாவது ஈக்வேஷன்ல 1-க்கு 1, அப்ப மிச்சம் இருந்த HCl 7. கல்லோட சேந்தது 25-லேர்ந்து 7 போக 18. முதல் ஈக்வேஷன்ல 1/2, அப்ப CaCO3 9 மில்லிமோல், மோலார் மாஸ் 100, 0.9 கிராம், 90 சதவீதம்.

உங்களுக்கு 180 சதவீதம் வந்துச்சுன்னா 1/2-ஐ விட்டிருக்கீங்க, அதுக்கு கீயே தேவையில்ல, 100-ஐ தாண்டினதும் நின்னுடணும். 35 சதவீதம் வந்துச்சுன்னா கழிக்க மறந்துட்டு மிச்சம் இருந்த 7-ஐயே கல்லோட சேந்ததா எடுத்துட்டீங்க. 35-ஐ 90-ஆல வகுத்தா 0.389, ஒண்ணும் புரியாது. ஆனா ரெண்டையும் கூட்டிப் பாருங்க, 35-உம் 90-உம் 125. போட்ட 25 மில்லிமோல் முழுசும் கல்லோட சேந்திருந்தா 12.5 மில்லிமோல் CaCO3, அதாவது 1.25 கிராம், 125 சதவீதம், அதே நம்பர். அதனால மடங்கு அர்த்தமில்லாம வந்தா உங்க ஆன்சரையும் கீயையும் கூட்டிப் பாத்து அது "மொத்தமும் வினைப்பட்டா வர்ற" மதிப்பான்னு சோதிங்க, ஆமான்னா மிச்சத்தையும் செலவையும் மாத்தி எடுத்திருக்கீங்க.

கூட்டியும் ஒத்து வரல, வகுத்தும் ஒத்து வரல, ஆனா உங்க கிராம் கூட்டல் ரெண்டு பக்கமும் கச்சிதமா அடையுதுன்னா கீயை சந்தேகப்படலாம், பழைய கீகள்ல அச்சுப்பிழை இருக்கத்தான் செய்யுது. அதுக்கும் சோதனை இருக்கு, கீல இருக்கற ஆன்சரை எடுத்து அது தான் சரின்னு வச்சுகிட்டு திரும்பி நடந்து போங்க, கேள்வியில கொடுத்த அளவு கிடைக்குதான்னு பாருங்க. கிடைக்கலன்னா கடைசியா தாளோட மேல கொடுத்திருக்கற அணு எடைகளை ஒரு தடவை பாத்துக்குங்க, பழைய தாள்ல Cl 35.5, Cu 63.5-ன்னு கொடுத்திருப்பான், நீங்க 35.45 போட்டிருந்தா மூணாவது இலக்கத்துல தான் ஆடும், அதுக்காக கணக்கை மாத்த வேண்டாம். அதுவும் இல்லன்னா ஈக்வேஷன், விகிதம், கிராம்னு மூணு வரியையும் உங்க விடைக்கு பக்கத்துல எழுதி வச்சுட்டு கீல இருக்கறதை அடிச்சுட்டு அடுத்த கேள்விக்கு போயிடுங்க.